நாமினி இயக்குநர் ‘நியமன இயக்குநர்’ அல்லர்

சில மாதங்களுக்கு முன் வாடகை வண்டி ஓட்டும் ஒருவர் ஒரு கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். மூலம் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே தமிழாக்கமும் அச்சாகியிருந்தது. ‘தங்களை எமது நிறுவனத்தின் நியமன இயக்குநராக நியமிப்பதில் மகிழ்ச்சியடைகிறோம்’ என்று தொடங்கிய அதைப் பணி நியமன ஆணை என்றே அவர் நம்பியிருந்தார். “எல்லாம் போட்டிருக்காங்க, எந்தத் தேதியில வேலைக்குச் சேரணும்னு மட்டும் போடலையேண்ணே” என்பதுதான் அவருடைய ஐயம். கடிதத்தோடு அவர் கையெழுத்திட வேண்டிய இரண்டு தாள்கள் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று, நிறுவனத்தின் சார்பாக எதையும் செய்ய வேறொருவருக்கு அதிகாரம் தரும் பொது அதிகார ஆவணம். மற்றொன்று, தேதி இடம் காலியாக விடப்பட்ட பதவி விலகல் கடிதம். சேரும் தேதியே இல்லாத வேலைக்கு விலகல் கடிதம் எதற்கு என்று நான் கேட்ட பிறகுதான் அவர் தாள்களைத் திருப்பிப் பார்த்தார்.

அந்தத் தமிழாக்கத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘நாமினி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நாளிதழ்களிலும் கலைச்சொல் பட்டியல்களிலும் பல ஆண்டுகளாகப் புழங்கும் ‘நியமன இயக்குநர்’, ‘நியமனப் பங்குதாரர்’ என்னும் சொற்களையே மொழிபெயர்த்தவர் எடுத்து வைத்திருந்தார். சொல்லே தவறானது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாமினி என்பது ‘பெயர்’ எனப் பொருள்படும் ‘நோமென்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்மிடையே வழங்கும் ‘நாம’மும் பாரசீகத்தின் ‘நாம்’ என்பதும் அதற்கு உறவுச் சொற்கள். ஆகவே நாமினி என்றால் ஒருவரால் பெயர் குறிக்கப்பட்டவர். ‘நியமனம்’ என்பதற்கோ கட்டுப்படுத்துதல், வரையறுத்தல், அமர்த்துதல் என்று பொருள். அதில் பெயரும் இல்லை, பெயர் குறித்த மற்றொருவரும் இல்லை.

நாமினிப் பங்குதாரர் ஏட்டில் பங்குகளின் உரிமையாளராகப் பதிவாகியிருப்பார். ஆனால் அந்தப் பங்குகளின் ஈவுத்தொகையும், விற்றால் வரும் பணமும், வாக்கை எப்படி அளிப்பது என்ற முடிவும் வேறொருவருடையவை. நாமினி இயக்குநர் சட்டப்படி முழு இயக்குநர். ஆனால் வேறொருவர் சொல்கிறபடி கையெழுத்திடுவதாக ஒப்புக்கொண்டவர். இந்த ஏற்பாடு சில தாள்களின் மீதுதான் நிற்கிறது. பங்குகளை இன்னாருக்காகவே வைத்திருக்கிறேன் என்னும் பொறுப்பு உறுதிமொழி முதலாவது. வாங்குபவர் பெயரையும் தேதியையும் நிரப்பாமல் கையெழுத்திட்ட பங்கு மாற்றுப் படிவம் இரண்டாவது. அதிகார ஆவணமும் தேதியற்ற விலகல் கடிதமும் இயக்குநருக்கு உரியவை. இவையெல்லாம் திரைக்குப் பின்னால் இருப்பவரின் பெட்டியில் பத்திரமாக இருக்கும். பெயர் கொடுத்தவர் முரண்டு பிடித்தால் அன்றைய தேதியை எழுதி அவரை ஒரே மணி நேரத்தில் வெளியேற்றிவிடலாம். நிறுவனப் பதிவகத்தில் தேடுகிற எவருக்கும் இவற்றில் ஒரு தாளும் கண்ணில் படாது. இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவோ, பங்குகள் யாருக்காக வைத்திருக்கப்படுகின்றன என்ற பொறுப்புரிமைக் குறிப்பை உறுப்பினர் ஏட்டில் எழுதவே கூடாது என்கிறது. அங்கே பங்கின் பயனை உண்மையில் பெறும் பயனுரிமையாளரைக் காட்டுவதற்கென்று, 25 விழுக்காட்டுக்கு மேல் கட்டுப்பாடு உள்ளவர்களைப் பதியும் தனி ஏடு 2016-இல்தான் வந்தது.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு சார்க் தீவு சான்று. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கால்வாய்த் தீவுகளில் ஒன்றான அதில் அப்போது 600 பேர் அளவில்தான் வாழ்ந்தார்கள். அவர்களிடையே ஏறத்தாழ 15,000 இயக்குநர் பதவிகள் இருந்ததாக 1998-இல் பிரிட்டிஷ் அரசின் ஆய்வு கணக்கிட்டது. நிறுவனம் எங்கிருந்து நிர்வகிக்கப்படுகிறதோ அங்கேதான் வரி என்ற விதி இருந்ததால், தீவுவாசி ஒருவர் தம் வீட்டில் அமர்ந்து தீர்மானத்தில் கையெழுத்திட்டால் நிறுவனமே தீவில் இருப்பதாகக் காட்ட முடிந்தது. ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்களில் இயக்குநராக இருந்தார் என்றால், அவற்றில் ஒன்றின் கணக்கையாவது அவர் படித்திருக்க முடியுமா என்று கேட்டால் போதும். இன்றும் இத்தகைய இயக்குநரைக் கண்டுபிடிக்கும் வழிகளில் முதலாவது இந்த எண்ணிக்கைதான். அடுத்தது, வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் உரிமை இயக்குநரிடம் இல்லாமல் வேறொருவரிடம் இருப்பது. நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர் யார் என்று வங்கி கேட்டால் இயக்குநரால் சொல்ல முடியாமல் போவது மற்றொன்று.

இப்போது ‘நியமன இயக்குநர்’ என்ற சொல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா இயக்குநர்களும் நியமிக்கப்படுகிறவர்கள்தாம். அப்படியானால் அந்த அடைமொழி யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது? நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ நியமன உறுப்பினர் என்றால் பொருள் இருக்கிறது. மற்றவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு வர, இவர் நியமிக்கப்பட்டு வருகிறார். சிங்கப்பூரிலும் புதுச்சேரியிலும் அந்த வழக்கு சரியாகவே இருக்கிறது. அங்கிருந்துதான் இந்தச் சொல் நிறுவனத் துறைக்கு எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பங்குதாரரிடம் அது முற்றிலும் குலைந்துபோகிறது. பங்குகளை வாங்கியோ பெற்றோ ஒருவர் பங்குதாரர் ஆகிறார். பங்குதாரராக யாரும் யாரையும் நியமிப்பதில்லை. இவற்றைவிடக் கேடானது, தமிழில் ‘நியமனம்’ என்பதோடு ஒட்டியிருக்கும் மதிப்பு. நியமன ஆணைக்காக வீடுகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. அந்த மதிப்பை எடுத்து, பிறருக்காகப் பெயரைக் கொடுத்துப் பொறுப்பை மட்டும் சுமக்கும் ஏற்பாட்டின் மேல் போர்த்தும்போது சொல்லும் அந்த மறைப்புக்குத் துணைபோகிறது. இந்திய நிறுவனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு இயக்குநரின் கடமைகளைச் சொல்லும்போது, பெயருக்கு இருப்பவர் என்று யாருக்கும் விலக்குத் தரவில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கணக்கு தாக்கல் செய்யாத நிறுவனத்தின் இயக்குநர் ஐந்து ஆண்டுகள் எந்த நிறுவனத்திலும் இயக்குநராக முடியாது. வண்டி ஓட்டும் நண்பருக்கு வரவிருந்தது அத்தகைய சுமைதான்.

ஒரு விலக்கைச் சொல்லிவிட வேண்டும். கடன் கொடுத்த வங்கியோ அரசோ தன் நலனைக் காக்கத் தன் அதிகாரி ஒருவரை வெளிப்படையாக இயக்குநர் குழுவில் அமர்த்துவது உண்டு. 2013-ஆம் ஆண்டு இந்திய நிறுவனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அவர் யாருடைய ஆள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவரை நியமன இயக்குநர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆங்கிலம் இரு வகையினருக்கும் ஒரே சொல்லை வைத்துத் தடுமாறுகிறது என்பதற்காகத் தமிழும் தடுமாற வேண்டியதில்லை. காப்பீட்டிலும் வங்கி வைப்பிலும் வரும் நாமினி மூன்றாவது வகை. இறந்தவரின் பணத்தைப் பெற்றுக்கொள்ளப் பெயர் குறிக்கப்பட்டவர் அவர். அவரை ‘வாரிசுதாரர்’ என்று எழுதும் படிவங்கள் எத்தனையோ குடும்பங்களைச் சண்டையில் இழுத்துவிட்டிருக்கின்றன. நிறுவனப் பங்குகளுக்குப் பெயர் குறிக்கப்பட்டவர் அதனாலேயே வாரிசு ஆகிவிடுவதில்லை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

‘நியமன’த்தை ஏற்காதவர்கள் பலர் ‘பினாமி’ என்று எழுதுகிறார்கள். பேச்சில் அது உயிருள்ள சொல். ‘பெயரில்லாமல்’ என்ற பாரசீகத் தொடர் நம் ஊர்த் திண்ணைகளில் நன்றாக வேரூன்றிவிட்டது. ஆனால் விளக்கம் எழுதுகிறவர் அதைக் கையாளக் கூடாது. பினாமி என்றாலே குற்றம் என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2016-இல் வந்த அதன் திருத்தத்தாலும் உறுதியான பொருள். நாமினி ஏற்பாடு எல்லாமே குற்றம் அல்ல. ஒரு தாய் நிறுவனம் முழுச் சொந்தமாக ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்குகிறது என்று கொள்வோம். தனியார் நிறுவனத்துக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் வேண்டும் என்பது சட்டம். ஆகவே 10,000 பங்குகளில் 9,999 தாய் நிறுவனத்தின் பெயரில் இருக்க, மீதி ஒரு பங்கு அதன் அதிகாரி ஒருவர் பெயரில் இருக்கும். அந்த அதிகாரி MGT-4 படிவத்தில் பங்கு தமதல்ல என்று அறிவிப்பார். தாய் நிறுவனம் MGT-5 படிவத்தில் அது தன்னுடையது என்று அறிவிக்கும். துணை நிறுவனம் இரண்டையும் MGT-6 வழியாக 30 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்கும். இதில் மறைப்பு எங்கே இருக்கிறது? இவரைப் பினாமி என்று எழுதினால் பழி. இதே ஏற்பாட்டை அறிவிக்காமல் செய்கிறவரை நியமனப் பங்குதாரர் என்று எழுதினால் பூச்சு. இருவருக்கும் பொருந்தும், குற்றமும் புகழும் ஏறாத ஒரு சொல் வேண்டும்.

‘பெயர்தாங்கி’ என்பது என் முடிவு. வழியோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு சட்டென்று விளங்கும். சுமை கல்லுக்கு உரியதன்று. இறக்கி வைத்தவர் திரும்பி வந்து எடுத்துக்கொள்வார். கட்டடத்தின் மேல் விழ வேண்டியதைத் தான் வாங்கிக்கொள்ளும் இடிதாங்கியும் இங்கே பொருந்தி வருகிறது, குறிப்பாக இயக்குநருக்கு. பெயர்தாங்கிப் பங்குதாரர், பெயர்தாங்கி இயக்குநர் என்று எழுதும்போது, ‘யாருக்காக?’ என்ற கேள்வி சொல்லிலேயே எழுகிறது. பெயரளவில் மட்டும் ஒரு சமயத்தையோ கொள்கையையோ சேர்ந்தவரை இகழவும் ‘பெயர்தாங்கி’ என்கிறார்களே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். அந்த வழக்கிலும் ‘பெயர் உண்டு, உள்ளீடு இல்லை’ என்பதே பொருள். அது இங்கே உதவுகிறதே தவிரக் கெடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் சொல் வேண்டும். நிதிக் குற்றங்களுக்கு எதிரான பன்னாட்டு நடவடிக்கைக் குழு 2022-இல் தன் 24-ஆம் பரிந்துரையைத் திருத்தியபோது, பெயர்தாங்கி தாம் அத்தகையவர் என்பதையும் தம்மை வைத்தவர் யார் என்பதையும் வெளியிட வேண்டும், இல்லையேல் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்றது. அந்த ‘வைத்தவரை’ நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘நியமனம் செய்பவர்’ என்று எழுத, இயக்குநரை நியமிக்கும் குழு எது, திரைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று புரியாமல் போகிறது. தேர்தலில் வேட்பாளரை ‘நிறுத்துகிறோம்’. ‘அவர் ஆள் நிறுத்தியிருக்கிறார்’ என்று பேச்சிலும் சொல்கிறோம். ஆகவே ‘நிறுத்தியவர்’ போதும். சிங்கப்பூரில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதால் பெயர்தாங்கி இயக்குநர் சேவையே ஒரு தொழிலாக வளர்ந்தது. இப்போது 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொழில்முறையில் அவர்களை ஏற்பாடு செய்வது பதிவுபெற்ற சேவை நிறுவனங்களின் வழியாகத்தான் நடக்க வேண்டும். அந்தச் சேவை நிறுவனம் அவரது தகுதியையும் ஆராய வேண்டும். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள அந்த நாட்டில் இந்த விதிகளைத் தமிழில் விளக்குகிறவர்களுக்கு ‘பெயர்தாங்கி’, ‘நிறுத்தியவர்’ என்ற இணை மிகவும் தேவைப்படும்.

வண்டி ஓட்டுநரின் கடிதத்தில் முதல் வரியை மட்டும் நான் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: ‘எமது நிறுவனத்தில், தம்மை நிறுத்தியவரின் சொற்படி நடக்கும் பெயர்தாங்கி இயக்குநராகத் தங்கள் பெயரைப் பதிவு செய்ய விரும்புகிறோம்.’ அதைப் படித்துவிட்டு அவர் கடிதத்தின் அடியில் கையெழுத்திட்டிருந்தவரின் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, நிறுத்தியவர் யார் என்று கேட்டார். அடுத்த முறை அழைத்தபோது அந்த எண் எடுக்கப்படவில்லை.