சுருக்க ஈடு

ஆங்கிலத்தில் ‘ஷ்ரிங்கேஜ் காம்பன்சேஷன்’ என்று சொல்வதற்குத் தமிழில் நான் எழுதும் சொல் இது. பொருளை ஒரே வரியில் சொல்லலாம்: சூடாக ஊற்றியோ, முப்பரிமாண அச்சில் உருகிய இழையை அடுக்கியோ செய்யும் பொருள் ஆறும்போது எவ்வளவு சுருங்குமோ, அந்த அளவை முன்கூட்டியே கூட்டிச் செய்வது.

கஞ்சிக்கோட்டிலும் கோவையிலும் வார்ப்புப் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு இது புதிதல்ல. பம்ப் உறைக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்கும் மேஸ்திரி சாதாரண அளவுகோலைத் தொடமாட்டார். அவர் கையில் இருப்பது ‘ஷ்ரிங்க் ஸ்கேல்’. அதன் கோடுகள் கொஞ்சம் விரித்துப் போடப்பட்டிருக்கும். வார்ப்பிரும்புக்குச் சுமார் 1 சதவீதம், அலுமினியத்துக்குச் சுமார் 1.3 சதவீதம். “அலவன்ஸ் விட்டியாப்பா?” என்று அவர் கேட்பதும், மாதிரியைப் படலங்களாக வெட்டி அச்சு மெஷினுக்குக் கொடுக்கும் ஸ்லைசர் மென்பொருளில் நாம் நிரப்பும் சுருக்கப் பெட்டியும் ஒரே விஷயம்தான்.

‘காம்பன்சேஷன்’ லத்தீன் வழி வந்தது. ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை வைத்து எடை பார்ப்பது அதன் அடிப்பொருள். தமிழில் ‘ஈடு’ என்றாலும் சமன், ஒப்பு என்றுதான் பொருள். நட்ட ஈடு, ஈடு இணை எல்லாம் அதிலிருந்து வருபவை. ‘சுருக்கத் திருத்தம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. ஆனால் நடந்த பிழையைப் பிறகு சரிசெய்வதுதான் திருத்தம். இங்கே நடப்பதற்கு முன்பே கூட்டி வைக்கிறோம், அதனால் எனக்கு அது ஒட்டவில்லை. ‘சுருக்க’ என்பதில் மட்டும் ஒரு சிறு சிக்கல்: தமிழில் அது கட்டுரைச் சுருக்கத்தையும் குறிக்கும். வாளையாறு தாண்டினால் மலையாளத்திலும் ‘சுருக்கத்தில்’ என்றால் ‘சுருங்கச் சொன்னால்’தான். ‘ஈடு’ அங்கே கடனுக்கு வைக்கும் பிணையும் ஆகும், பொருள் நீடித்து உழைப்பதும் ஆகும். பட்டறையில் மலையாளி நண்பரிடம் பேசும்போது ‘அலவன்ஸ்’ என்றே சொல்லிவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் இழையில் ஒரு மூடி அச்சடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் நீளம் 160 மி.மீ., அகலம் 40 மி.மீ. ஆறிய பிறகு காலிப்பரில் பார்த்தால் 158.94, 39.78. மூடி பெட்டியில் உட்காராது.

இங்கே பலரும் 158.94-ஐ 160-ஆல் வகுத்து, 99.34 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். அகலத்தை அதே மாதிரி வகுத்தால் 99.45 வருகிறது. ஒரே இழை, ஒரே மூடி, இரண்டு சுருக்கம் எப்படி? காரணம், அளவில் இரண்டு வகைப் பிழை கலந்திருக்கிறது. சுருக்கம் நீளத்துக்கு ஏற்ப வளரும். இழை கொஞ்சம் அதிகமாகப் பிதுங்கி வெளிச்சுவர் தடித்துப்போவது, 40 மி.மீ.க்கும் 160 மி.மீ.க்கும் ஒரே அளவுதான். இரண்டையும் பிரிக்க எளிய வழி கழித்தல். வரைபடத்தில் வித்தியாசம் 120. அளந்ததில் 119.16. கழிக்கும்போது சுவர்த் தடிப்பு அடிபட்டுப் போகிறது. 119.16-ஐ 120-ஆல் வகுத்தால் 99.3 சதவீதம். ஆக, உண்மைச் சுருக்கம் 0.7 சதவீதம். 160-இல் 0.7 சதவீதம் போனால் 158.88 இருக்க வேண்டும். மிச்சம் வரும் 0.06 சுவர்த் தடிப்பு. அகலத்திலும் அதே 0.06தான் வரும், போட்டுப் பாருங்கள்.

இந்த 0.7 எங்கிருந்து வருகிறது என்பதையும் தாளில் சரிபார்க்கலாம். ஏபிஎஸ் சுமார் 105 டிகிரியில் இறுகுகிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்குச் சுமார் 0.09 மி.மீ. குறையும். 105-இலிருந்து 30 வரை 75 டிகிரி என்றால் மீட்டருக்கு 6.75 மி.மீ., அதாவது 0.7 சதவீதத்தை ஒட்டி. பிஎல்ஏ என்ற இன்னொரு பிளாஸ்டிக் இழை 60 டிகிரி வாக்கிலேயே இறுகிவிடுவதால் அதன் சுருக்கம் 0.2, 0.3 சதவீதத்தோடு நின்றுவிடும். பிஎல்ஏவில் அச்சடித்தாலும் இதே 0.7 குறைந்தால், பிழை இழையில் இல்லை, மெஷினின் X, Y அச்சுகளின் நகர்வில் இருக்கிறது. அதை இந்த ஈட்டால் மறைக்காதீர்கள்.

இப்போது எண்ணை ஸ்லைசரில் போட வேண்டும். உண்மையான குழப்பம் இங்கேதான். ஒரே சுருக்கத்தை மூன்று மென்பொருள்கள் மூன்று விதமாகக் கேட்கின்றன. ஆர்கா ஸ்லைசரில் இழை அமைப்பில் உள்ள `Shrinkage (XY)` பெட்டி, ஆறிய பிறகு எவ்வளவு மிஞ்சியது என்று கேட்கிறது, 99.3% என்று எழுத வேண்டும். ப்ருசா ஸ்லைசர் எவ்வளவு சுருங்கியது என்று கேட்கிறது, அங்கே 0.7%. குராவில் `Scaling Factor Shrinkage Compensation` எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று கேட்கிறது, அங்கே 100.7%.

ஒன்றில் படித்ததை இன்னொன்றில் போட்டால் என்ன ஆகும்? ஆர்காவில் 100.7 எழுதினால், பொருள் விரிவடைந்ததாக அது நினைத்துக்கொண்டு மாதிரியைச் சிறிதாக்கும். ஆறும்போது அது மறுபடி சுருங்கும். 158.94 இருந்த மூடி 157.84 ஆகிவிடும். இரண்டாவது மூடி முதலாவதைவிடச் சிறியதாக, அதுவும் ஏறக்குறைய இரட்டிப்புக் குறையோடு வந்தால், வேறு எதையும் தேடாதீர்கள், திசையைத் திருப்புங்கள். சரியாகப் போட்டிருந்தால் ஸ்லைசர் 160-ஐ 161.13 ஆக்கி அச்சடிக்கும். ஆறியபின் நீளம் 160.06, அகலம் 40.06. இரண்டிலும் கூடுதல் ஒரே அளவாக நின்றால் ஈடு சரி. அந்த 0.06-ஐ ஆர்காவின் `X-Y contour compensation`-இல் -0.03 போட்டு எடுத்துவிடலாம், பக்கத்துக்குப் பாதி.

உயரத்துக்கு இதே எண்ணைப் போடாதீர்கள். ஒவ்வொரு படலமும் முனை நிற்கும் உயரத்தில்தான் விழுகிறது, கீழ்ப்படலம் சுருங்கிய பள்ளத்தை மேல்படலம் பெரும்பாலும் நிரப்பிவிடும். உயரத்தைத் தனியாக அளந்து தனியாக எழுதுங்கள்.

துளைகளும் வேறு கணக்கு. 8 மி.மீ. துளை 7.72 வந்தது என்றால், அதில் சுருக்கத்தின் பங்கு வெறும் 0.06தான். மீதி 0.22 வளைவின் உட்பக்கம் இழை பிதுங்குவதால் வருவது. அதற்காகச் சுருக்க ஈட்டை ஏற்றினால் துளை சரியாகும் முன் மூடி நாலைந்து மில்லிமீட்டர் நீண்டுவிடும். `X-Y hole compensation`-இல் 0.11 போதும்.

இன்னொன்று, இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் வெயில் தெரியும்தானே. ஏசி அறையில் 23 டிகிரியில் அளந்த அந்த 160 மி.மீ. மூடியை 38 டிகிரி ஷெட்டில் அளந்தால், காலிப்பர் எஃகு விரிவதைக் கழித்த பிறகும் ஏறத்தாழ 0.2 மி.மீ. நீளமாகக் காட்டும். மெஷினின் அச்சு மேசையிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் இன்னும் மோசம். ஆகவே இழையின் பெயரோடு அறையின் வெப்பநிலையையும் சுருளின் மேல் எழுதி வையுங்கள். வேறு நிறுவனத்தின் ஏபிஎஸ் வாங்கும்போது 40-ம் 160-ம் மறுபடி அளக்க வேண்டும்.