‘உட்புற வரைபடமிடல்’ அன்று, ‘அறைப்புனைவு’

பெரம்பூரில் ஞாயிறுதோறும் நாங்கள் நடத்தும் முப்பரிமாண வடிவமைப்பு வகுப்பில், தங்கசாலைத் தெருவைப் போன்றதொரு கடைத்தெருவைக் கணினியில் எழுப்பும் பயிற்சியைச் சென்ற மாதம் கொடுத்திருந்தோம். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு தம்பி, தமிழ்ப் பயிற்சிக் குறிப்பு ஒன்றில் ‘உட்புற வரைபடமிடல்’ என்று படித்துவிட்டு, நான்கு மாடிக் கட்டடத்தின் ஒவ்வொரு தளத்துக்கும் கூடம், சமையலறை, மாடிப்படி என்று அளவு குறித்து, மாநகராட்சி ஒப்புதலுக்குக் கொடுப்பது போன்ற வரைபடத்தைப் போட்டு எடுத்து வந்தார். இரண்டு நாள் உழைப்பு வீணாயிற்று. குற்றம் அவருடையது அன்று, அந்தச் சொல்லினுடையது.

அவர் செய்ய வேண்டியிருந்தது ‘இன்டீரியர் மேப்பிங்’. கட்டடத்தின் சாளரங்களுக்குள் அறைகள் இருப்பது போலத் தோன்றச் செய்ய, நெதர்லாந்தைச் சேர்ந்த யோஸ்ட் வான் டோங்கன் 2008இல் வெளியிட்ட முறை இது. ‘மேப்’ என்பதன் மூலம் துணியைக் குறிக்கும் ‘மாப்பா’ என்ற இலத்தீன் சொல்; உலகப் படத்தைத் துணியில் வரைந்ததால் அது படத்துக்கு ஆகி வந்தது. வரைகலைத் துறையிலோ, பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பைப் பொருத்துவதே ‘மேப்பிங்’. நிலப்படத்தோடு அதற்கு உறவில்லை.

இம்முறையில் சாளரத்துக்குப் பின்னால் அறை என்று எதுவும் கட்டப்படுவதில்லை. சுவர் தட்டையாகவே இருக்கிறது. சாளரத்தின் ஒவ்வொரு படப்புள்ளிக்கும், பார்வைக் கோடு அந்த இடத்தில் உள்ளே நுழைந்தால் முதலில் எதில் முட்டும் என்பதை ஷேடர் என்னும் சிறு நிரல் கணக்கிடுகிறது. அறையின் உயரம் 3 மீட்டர், ஆழம் 4 மீட்டர் என்று கொள்வோம். தெருவில் நிற்பவரின் பார்வை, அந்த அறையின் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், வலப்பக்கச் சுவருக்கு 2 மீட்டர் இப்பால் நுழைகிறது. உள்ளே ஒரு மீட்டர் செல்லும்போது அரை மீட்டர் மேலேறி, கால் மீட்டர் வலப்புறம் சாய்கிறது. கூரையைத் தொடும் தொலைவுக்கு ஒரு வரி போதும்; இதில் p பார்வை நுழையும் புள்ளி, d அது செல்லும் திசை, h அறையின் உயரம், y மேல்நோக்கிய அளவு:

```
t = (ceil(p.y / h) * h - p.y) / d.y
```

அதாவது, மேலே எஞ்சிய 1.5 மீட்டரை 0.5ஆல் வகுத்தால் 3. பின்சுவர் 4 மீட்டரில் இருக்கிறது. வலச்சுவர் 8 மீட்டரில்தான் எதிர்ப்படும். மூன்றில் சிறியது 3 என்பதால் அப்புள்ளிக்குக் கூரையின் நிறம் கிடைக்கிறது. தெருவிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு மேல்மாடியில் கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிவது போலவே இங்கும் கூரை தெரியும். நடக்க நடக்கக் காட்சியும் நகரும்.

இதில் வரைபடம் எங்கே இருக்கிறது? ஆங்கிலச் சொற்றொடரை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் முதலில் கிடைத்த பொருளை ஒட்டிவிட்டார்கள். வரைபடம் என்பது நமக்கு வீடு கட்டுமுன் போடுவது. இருப்பதையோ இருக்கப்போவதையோ அளந்து காட்டுவது. இந்த முறையின் உயிரோ, உள்ளே எதுவும் இல்லை என்பதில் இருக்கிறது. நேர் எதிரான பொருளைத் தரும் சொல்லைத் தமிழ் என்ற பெயரில் கொடுப்பதைவிட ‘இன்டீரியர் மேப்பிங்’ என்றே எழுதுவது நல்லது. அது புரியாமல் போனாலும் தவறாகப் புரியாது. ஷேடரை ‘நிழலி’ என்பவர்களிடமும் எனக்கு இதே வருத்தம்தான். அது புள்ளியின் நிறத்தைத் தீர்மானிக்கும் நிரல். நிழலை வீழ்த்துவது மட்டும் அதன் வேலையன்று. மொழிபெயர்ப்பவர் ஒருமுறையேனும் அந்தப் பொருளை இயக்கிப் பார்த்துவிட்டுப் பெயர் வைக்க வேண்டாமா?

‘போலி அறை’ என்று சொல்வோரும் உண்டு. அது தெளிவானதுதான், ஆனால் சாளரத்தில் அறையின் நிழற்படத்தை ஒட்டி வைத்தால் அதுவும் போலி அறையே. நிழற்படம் நாம் நகரும்போது நகராது என்ற வேறுபாட்டை அச்சொல் காட்டவில்லை.

ஆகவே ‘அறைப்புனைவு’ என்கிறேன். புனைதல் என்பதில் உருவாக்குவதும் ஓவியம் தீட்டுவதும் இல்லாததைக் கற்பித்துச் சொல்வதும் சேர்ந்தே இருக்கின்றன. கட்டிய அறை, புனைந்த அறை என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தலாம், வினையாகவும் ஆளலாம்.

அந்தத் தம்பி மறுவாரம் தெருமுனைக் கட்டடம் ஒன்றைச் செய்து வந்தார். “மூலையில ரெண்டு ஜன்னலும் ஒரே ரூமுக்குத்தானே, அண்ணா? ஆனா வேற வேற ரூம் புனைஞ்சிருக்கு” என்றார். இரு முகப்புகளும் தத்தம் அளவுகளை வைத்துத் தனித்தனியே கணக்கிட்டதால் வந்த பிழை அது. கட்டடம் முழுவதற்கும் பொதுவான ஒரே அளவுக் கட்டத்தில் சுவர்களை வைத்துக் கணக்கிட்டபோது, இரண்டு சாளரங்களிலும் ஒரே அறையின் சுவர்கள் தெரிந்தன.