பாக்கி இல்லை என்று காட்டிய கணக்கு

ஆகஸ்ட் 16-ஆம் தேதி காலை அண்ணாச்சி போன் செய்தார். எஸ்.ஜே.பி. ரோட்டில் எஃகு ரவுண்ட் பார் வியாபாரம் அவருக்கு. விருதுநகர்ப் பக்கம் சொந்த ஊர், பெங்களூருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. குரலில் பதற்றம்.

"சார், பேங்க்காரன் சொல்லாம கொள்ளாம மூணு லட்சத்த என் கணக்குலேந்து எடுத்துட்டான். அதனால நான் குடுத்த செக் ஒண்ணு திரும்பிப் போச்சு."

அவர் கணக்குகளைப் பார்ப்பது நான்தான் என்பதால் கொஞ்சம் எனக்கும் குற்ற உணர்ச்சி. கடைக்குப் போய்ப் பார்த்தேன். பேங்க் சொல்லிவிட்டுத்தான் எடுத்திருந்தது. கடிதம் மேசையில் பிரிக்காமல் கிடந்தது.

நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்கிறேன். பீன்யாவில் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு அண்ணாச்சி மே மாதம் சரக்கு கொடுத்தார். சரக்கின் விலை 2,50,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 45,000, ஆக மொத்தம் 2,95,000 ரூபாய். ஒர்க்‌ஷாப்காரர் மூன்று மாதத் தவணை கேட்டார். அண்ணாச்சி மே 12 தேதியிட்டு மூன்று மாத மாற்றுச்சீட்டு ஒன்றை எழுதினார், ஒர்க்‌ஷாப்காரர் அதன் குறுக்கே 'ஏற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். (கடைத்தெருவில் 'பில்' என்றால் இன்வாய்ஸ் என்றுதான் அர்த்தம். குழப்பம் வேண்டாம் என்று இதை மாற்றுச்சீட்டு என்றே சொல்கிறேன். நம்ம ஊர்ப் பெரியவர்கள் உண்டியல் என்பார்கள்.)

அந்தக் கையெழுத்துதான் எல்லாமே. அது விழும்வரை, எழுதியவர் பணம் கேட்கும் வெறும் காகிதம் அது. விழுந்த பிறகு, இன்ன தேதியில் இவ்வளவு தருவேன் என்று வாங்கியவர் ஒப்புக்கொண்ட கடன். கணக்கிலும் அப்போதுதான் பதிவு வரும். அண்ணாச்சி புத்தகத்தில் வரவேண்டிய மாற்றுச்சீட்டுக் கணக்குக்குப் பற்று 2,95,000, ஒர்க்‌ஷாப் கணக்குக்கு வரவு 2,95,000. ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் நேர் எதிர்: அண்ணாச்சி கணக்குக்குப் பற்று, கொடுக்கவேண்டிய மாற்றுச்சீட்டுக் கணக்குக்கு வரவு. இதோடு ஒர்க்‌ஷாப்பின் பெயரில் இருந்த பாக்கி அண்ணாச்சியின் லெட்ஜரில் பூஜ்யமாகிவிடுகிறது. இது சரியான பதிவுதான், ஆனால் வினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜூன் 2-ஆம் தேதி அண்ணாச்சிக்குப் பணம் தேவைப்பட்டது. மாற்றுச்சீட்டைப் பேங்கில் கொடுத்து 12 சதவீதத்தில் டிஸ்கவுண்ட் செய்தார். கெடு தேதிக்கு 73 நாள் இருந்தது, அதாவது வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 2,95,000-க்கு வருட வட்டி 35,400, அதில் ஐந்தில் ஒன்று 7,080. அதைக் கழித்துக்கொண்டு பேங்க் 2,87,920 கொடுத்தது. கடையில் கணக்கு எழுதும் தம்பி போட்ட பதிவு இது:

பேங்க் கணக்கு பற்று 2,87,920
டிஸ்கவுண்ட் செலவு பற்று 7,080
வரவேண்டிய மாற்றுச்சீட்டுக் கணக்கு வரவு 2,95,000

பாடப்புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கும். தப்பே இல்லை. ஆனால் இதற்குப் பிறகு புத்தகத்தைப் புரட்டினால் ஒர்க்‌ஷாப்பின் பெயரிலும் பாக்கி இல்லை, மாற்றுச்சீட்டுக் கணக்கிலும் பாக்கி இல்லை. பணம் வந்து முடிந்த மாதிரித் தெரிகிறது. உண்மையில் வந்தது பேங்கின் பணம், ஒர்க்‌ஷாப் இன்னும் ஒரு ரூபாய் கூடத் தரவில்லை. மாற்றுச்சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டுப் பேங்குக்கு மாற்றிக் கொடுத்தபோது, 'ஏற்றவர் தராவிட்டால் நான் தருகிறேன்' என்ற பொறுப்பையும் அண்ணாச்சி சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கிறார். கெடு தேதி வரை அது அவர் தலைமேல் தொங்கும் பொறுப்பு. ஆடிட்டர்கள் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்று பேலன்ஸ் ஷீட்டின் அடிக்குறிப்பில் போடச் சொல்வது இதைத்தான். அடிக்குறிப்பு மார்ச் 31-க்குத்தான் வரும், ஜூலையில் சரக்கு கொடுக்கும் தம்பி அதைப் பார்ப்பதில்லை.

பார்க்கவில்லை என்பதால் என்ன ஆயிற்று? அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அண்ணாச்சி வைத்திருந்த கடன் வரம்பு மூன்று லட்சம். ஜூலையில் அவர்கள் மறுபடி சரக்கு கேட்டபோது தம்பி லெட்ஜரைப் பார்த்தான், பாக்கி பூஜ்யம். 1,80,000-க்குக் கடனில் அனுப்பிவிட்டான். அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பை நம்பி அண்ணாச்சி வைத்திருந்த தொகை உண்மையில் 4,75,000. வரம்பைத் தாண்டி ஒன்றே முக்கால் லட்சம்.

இனி கெடு தேதி. மே 12-லிருந்து மூன்று மாதம் ஆகஸ்ட் 12. சட்டப்படி மூன்று சலுகை நாட்கள் சேர்த்தால் ஆகஸ்ட் 15. அது பொது விடுமுறை. இங்கே நிறைய பேர் இடறுவார்கள். விடுமுறை என்றால் அடுத்த நாள்தானே என்று நினைப்பது இயல்பு. மாற்றுச்சீட்டு விஷயத்தில் 1881-ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டம் தலைகீழாகச் சொல்கிறது: கெடு விழும் நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளில் பணம் தர வேண்டும். ஆகவே ஆகஸ்ட் 14. தம்பியின் டைரியில் 16 என்று இருந்தது. ஒர்க்‌ஷாப்காரரும் "16-ஆம் தேதிதான் பணம் போடுவதாக இருந்தேன்" என்று அப்புறம் சொன்னார். அதை நான் முழுசாக நம்பவில்லை, ஏன் என்று பின்னால் தெரியும்.

பேங்க் 14-ஆம் தேதி மாற்றுச்சீட்டைக் காட்டிப் பணம் கேட்டது, கிடைக்கவில்லை. நோட்டரியிடம் கொடுத்து எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக மறுக்கப்பட்டது என்று குறிக்க வைத்தது. நோட்டிங் என்று சொல்லும் இதற்கான கட்டணம் 500 ரூபாய். உள்நாட்டு மாற்றுச்சீட்டுக்கு இது கட்டாயமில்லை, ஆனால் கோர்ட்டுக்குப் போனால் மறுக்கப்பட்டதற்குக் கையில் ஒரு சாட்சி. பிறகு அண்ணாச்சிக்குக் கடிதம் கொடுத்தனுப்பிவிட்டு, 16-ஆம் தேதி காலை அவர் கேஷ் கிரெடிட் கணக்கில் 2,95,500-ஐப் பற்று வைத்தது. பேங்க் அவருக்குக் கொடுத்திருந்த கடன் வரம்பு நிரம்பிவிட்டது. அன்று கிளியரிங்குக்கு வந்த, அண்ணாச்சி தன் சப்ளையருக்குக் கொடுத்திருந்த செக் பணமில்லாமல் திரும்பியது.

இதில் ஒரு வேடிக்கை. "அவன் மேல செக் பவுன்ஸ் கேஸ் போடலாமா?" என்றார் அண்ணாச்சி. முடியாது. அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வரும் குற்ற வழக்கு செக்குக்கு மட்டும்தான். மாற்றுச்சீட்டு மறுக்கப்பட்டால் சிவில் வழக்குதான் வழி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-வது ஆணையில் சுருக்கு விசாரணை கேட்கலாம், எதிராளி கோர்ட்டின் அனுமதி வாங்கித்தான் எதிர்த்து வாதாட முடியும் என்பது அதில் ஒரு வசதி. ஆனால் அண்ணாச்சியின் செக் திரும்பியதற்கு அவர் மீது 138 பாயலாம்! நல்லவேளை, அன்று மதியமே மகனின் கணக்கிலிருந்து சப்ளையருக்குப் பணம் அனுப்பிவிட்டார்.

சரி, இதற்குக் கணக்கில் எப்படிப் பதிவு போடுவது? தம்பி மூன்று விதமாக யோசித்திருந்தான், மூன்றும் தப்பு. முதலில், பேங்க் கொடுத்தது 2,87,920 என்பதால் அதையே ஒர்க்‌ஷாப் பெயரில் எழுதினான். டிஸ்கவுண்ட் 7,080 என்பது 73 நாள் முன்னால் பணம் வாங்கியதற்கு அண்ணாச்சி கொடுத்த விலை, அது செலவாகவே நிற்கும். மறுக்கப்பட்டதும் உயிர்த்தெழுவது முழுத் தொகை. அடுத்து, 500-ஐப் பேங்க் கட்டணத்தில் சேர்த்தான். அது ஒர்க்‌ஷாப் தவறியதால் வந்த செலவு, அவர்கள் தலையில்தான் போக வேண்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது. பணம் வரவில்லையே என்று விற்பனையையே ரத்து செய்து கிரெடிட் நோட் போடத் தயாராக இருந்தான். சரக்கு திரும்பி வரவில்லை, விலை குறையவில்லை, அதனால் விற்பனை விற்பனைதான். பணம் வராத கடனுக்காக, கட்டிய 45,000 ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை.

சரியான பதிவு ஒரே வரி: ஒர்க்‌ஷாப் கணக்குக்குப் பற்று 2,95,500, பேங்க் கணக்குக்கு வரவு 2,95,500. வரவேண்டிய மாற்றுச்சீட்டுக் கணக்கைத் தொடவே கூடாது, அது ஜூன் 2-ஆம் தேதியே புத்தகத்தை விட்டுப் போய்விட்டது. டிஸ்கவுண்ட் செய்யாமல் பெட்டியில் வைத்திருந்து மறுக்கப்பட்டிருந்தால்தான் அந்தக் கணக்குக்கு வரவு வைப்போம்.

ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் இந்த வித்தியாசமே கிடையாது. மாற்றுச்சீட்டு பேங்கிடம் போனதற்கு அவர்கள் ஒரு பதிவும் போட வேண்டியதில்லை. பணம் தராதபோது கொடுக்கவேண்டிய மாற்றுச்சீட்டுக் கணக்குக்குப் பற்று 2,95,000, நோட்டிங் செலவுக்குப் பற்று 500, அண்ணாச்சி கணக்குக்கு வரவு 2,95,500. அவர்களுடைய அக்கவுண்டன்ட் பேங்கின் பெயரில் வரவு வைத்திருந்தார். நோட்டீஸ் பேங்கிலிருந்துதானே வந்தது என்றார். பேங்க் அண்ணாச்சியிடம் வசூலித்துக்கொண்ட பிறகு அவர்கள் கடன்பட்டிருப்பது அண்ணாச்சிக்குத்தான் என்று சொல்லித் திருத்த வைத்தோம்.

18-ஆம் தேதி ஒர்க்‌ஷாப்காரர் நேரில் வந்தார். 16-ஆம் தேதி முழுப் பணமும் போட இருந்தேன் என்றவரிடம் இருந்தது ஒரு லட்சம் சொச்சம்தான். மீதி இரண்டு லட்சத்துக்கு இரண்டு மாதம் கேட்டார். அண்ணாச்சி 12 சதவீத வட்டி போட்டார்: 4,000. தாமதத்துக்கு வாங்கும் வட்டியும் சரக்கின் மதிப்போடு சேரும், அதனால் 720 ஜிஎஸ்டியும் உண்டு. 2,95,500-உடன் 4,720 சேர்த்தால் 3,00,220. அன்றே 1,00,220 வாங்கிக்கொண்டு, மீதிக்குப் புது மாற்றுச்சீட்டு. இப்போதும் வரவேண்டிய மாற்றுச்சீட்டுக்குப் பற்று 2,00,000, ஒர்க்‌ஷாப் கணக்குக்கு வரவு 2,00,000.

தம்பியிடம் ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொன்னேன். இனி டிஸ்கவுண்ட் செய்யும்போது வரவேண்டிய மாற்றுச்சீட்டுக் கணக்குக்கு வரவு வைக்காமல், 'டிஸ்கவுண்ட் செய்த மாற்றுச்சீட்டுகள்' என்று தனிக் கணக்குத் திறந்து அதில் வரவு வைக்க வேண்டும். கெடு தேதியில் பணம் செலுத்தப்பட்டது உறுதியான பிறகுதான் இரண்டையும் ஒன்றோடொன்று நேர்செய்ய வேண்டும். அதுவரை புத்தகத்தில் பாக்கி கண்ணில் படும், சரக்கு அனுப்பும் முன் ஒர்க்‌ஷாப்பின் லெட்ஜரோடு இதையும் கூட்டிப் பார்க்கலாம். பேங்க் திருப்பிப் பற்று வைத்தால், அந்தத் தனிக் கணக்குக்கு 2,95,000 பற்று, பேங்குக்கு வரவு. ஒர்க்‌ஷாப்புக்குப் பற்று, வரவேண்டிய மாற்றுச்சீட்டுக்கு வரவு. நோட்டிங் 500 ஒர்க்‌ஷாப்புக்குப் பற்று, பேங்குக்கு வரவு. வேலை கொஞ்சம் கூடத்தான்.

புது மாற்றுச்சீட்டை அண்ணாச்சி பேங்குக்கு அனுப்பவில்லை, கல்லாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கெடு அக்டோபர் 21. "ஞாயித்துக்கிழமையா, லீவா, பாத்துச் சொல்லுடா" என்று தம்பியிடம் காலண்டரை நீட்டினார்.