அண்ணான்னு விளிச்சவள அவன் ஏன் கெட்டுகான்? கொரியன் சீரியலும் ஒரு சொல்லும்

போன மாசம் தக்கலையில சித்தி வீட்டுக்கு போயிருந்தேன். டிவியில தமிழ் டப்பிங்ல ஒரு கொரியன் சீரியல் ஓடிட்டு இருந்துச்சு, சித்தி கண்ணெடுக்காம பாத்துட்டு இருந்தவங்க திடீர்னு என் பக்கம் திரும்பி, "மக்ளே, இவ்வளவு நாளும் அவன அண்ணா அண்ணான்னு விளிச்சிட்டு இப்ப அவனையே கெட்டப் போறேங்கா, இது என்ன முறை?"ன்னு கேட்டாங்க. சித்தி கேட்டது சரியான கேள்வி. நான் நாகர்கோவில்ல வீட்ல இருந்து சப்டைட்டில் எழுதுறேன், அப்பப்ப டப்பிங் வசனமும் எழுதுறேன், இந்த ஒரு சொல்லோட நான் மல்லுக்கட்டாத சீரியலே இல்ல, அதான் இத கொஞ்சம் விரிவா எழுதலாம்னு.

அந்த சொல்லு "ஓப்பா". பொண்ணு தன்னவிட மூத்த ஆண கூப்பிடுறது. ஆம்பள மூத்த ஆம்பளைய கூப்பிட்டா "ஹியங்", மூத்த பொண்ண கூப்பிட்டா "நூனா", பொண்ணு மூத்த பொண்ண கூப்பிட்டா "உன்னி". அகராதியில பாத்தா அண்ணன், அக்கான்னுதான் இருக்கும், தப்பில்ல. ஆனா அங்க ஓப்பான்னா கூடப்பொறந்தவனாவும் இருக்கலாம், காலேஜ் சீனியராவும் இருக்கலாம், காதலனாவும் இருக்கலாம். நம்ம ஊர்ல ஒரு பொண்ணு "அண்ணா"ன்னு சொல்லிட்டா அந்த பையனோட கதை அதோட முடிஞ்சுது, நம்ம படத்துல காலங்காலமா இதுதான் காமெடி. கொரியன்ல அப்படியே தலைகீழ், இவ எப்ப ஓப்பான்னு கூப்பிடுவான்னு அவன் காத்துட்டு கிடப்பான், கூப்பிட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அதே சீனுக்கு அண்ணான்னு எழுதுனா அவன் எதுக்கு சிரிக்கான்னு யாருக்கும் புரியாது.

இந்த தப்பு எப்படி நடக்குதுன்னா, எங்க கைக்கு வர்ற ஃபைல் பெரும்பாலும் கொரியன் கிடையாது. எந்த நொடியில வரி வரணும் எப்ப போகணும்னு ஏற்கனவே பிரிச்சு, இங்கிலீஷ் வரிகளோட ஒரு டெம்ப்ளேட் வரும், அதப் பாத்துதான் தமிழ்ல எழுதணும். இங்கிலீஷ்ல ஓப்பாவுக்கு சொல்லே இல்ல, அதனால அவனோட பேர போட்டுருவாங்க, இல்லன்னா பேப், ஹனின்னு எதாவது. 2021-ல ஸ்குவிட் கேம் கொரியன் சீரியல் வந்தப்ப இந்த ஓப்பா இங்கிலீஷ்ல ஒரு இடத்துல "ஓல்டு மேன்"னும் இன்னொரு இடத்துல "பேப்"னும் ஆயிடுச்சுன்னு பெரிய பேச்சா இருந்துச்சே, அதுக்கு காரணம் இதுதான். அந்த இங்கிலீஷ மட்டும் படிக்கிறவர் செல்லம்னு எழுதுவார், காதுல ஓப்பான்னு கேட்டு அகராதி பாக்குறவர் அண்ணான்னு எழுதுவார், ரெண்டுமே போச்சு.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிறது ஹியங்தான், ஏன்னா அதுக்கு நம்மகிட்ட அச்சு அசலா சொல்லு இருக்கு. ஸ்குவிட் கேம்ல அலின்னு ஒரு பாகிஸ்தான் தொழிலாளி, கூட விளையாடுற சாங்-வூவ முதல்ல "சஜாங்நிம்"னு கூப்பிடுவான், முதலாளின்னு அர்த்தம், பிறகு சாங்-வூவே ஹியங்னு கூப்பிட சொல்லுவான். முதலாளியில இருந்து அண்ணே. எந்த தமிழனுக்கும் விளக்கமே வேண்டாம், ஆனா நடுவுல உள்ள இங்கிலீஷ் வெறும் பேரா மாத்தி குடுத்தா அது நமக்கும் பேராத்தான் வந்து சேரும்.

இப்ப நான் வசனம் எழுதுன ஒரு சீரியல சொல்றேன் (பேரு சொல்ல முடியாது, ஒப்பந்தம் அப்படி). மூணு சீன். முதல் சீன்ல ஹீரோ, எத்தன நாளைக்கு மரியாதையா பேசுவ, ஒரு தடவ ஓப்பான்னு சொல்லுன்னு கெஞ்சுவான், அவ முகம் குளோசப்ல, மெதுவா "ஓப்பா". ரெண்டாவது, ஏர்போர்ட்ல அவ வேற ஒருத்தன பாத்து "ஓப்பா!"ன்னு கத்திட்டு ஓடிப்போய் கட்டிப்பிடிப்பா, பூவோட வந்த ஹீரோ அப்படியே திரும்பி போயிருவான். மூணாவது, குடிச்சிட்டு புலம்புறவன்கிட்ட பிரண்டு சொல்லுவான், அது அவளோட "சின்ஓப்பா"டா, அதாவது கூடப்பொறந்தவன். மொத்த ஜோக்கும் ஒரே சொல்லு காதலனுக்கும் அண்ணனுக்கும் பொருந்துறதுலதான் நிக்குது. ஏர்போர்ட்ல அண்ணான்னு எழுதுனா நமக்கு அந்த நொடியே விஷயம் தெரிஞ்சிரும், ஹீரோ காது கேக்காதவன் மாதிரி நிப்பான்.

முதல்ல அத்தான் போடலாமான்னு யோசிச்சேன், நம்ம ஊர் காதுக்கு இனிப்பாத்தான் இருக்கு. ஆனா அத்தான்னா அத்தை மகன், மாமா மகன், கட்டிக்கிற முறை. கொரியாவுல 8-ஆம் உறவு நிலை வரைக்கும், அதாவது ரொம்ப தூரத்து ரத்த சொந்தத்துலகூட, கல்யாணம் சட்டப்படியே கூடாது, அங்க உள்ள பொண்ணு வாயில அத்தான் வந்தா இல்லாத ஒரு சொந்தத்த நாமளே உண்டாக்கிடுறோம். அதோட உதடு இருக்கு. குளோசப்ல ஓப்பான்னு சொல்லும்போது வாய் திறந்து, ஒட்டி, திரும்ப திறக்கும். அத்தான்ல உதடு ஒட்டவே ஒட்டாது, மாமான்னா தொடக்கத்துலயே ஒட்டிருக்கும். உதட்டுக்கு அளவெடுத்து தச்ச மாதிரி பொருந்துற தமிழ் சொல்லு "அப்பா", அத எப்படி வைக்க முடியும். ரெண்டு நாள் கழிச்சுதான் "ஏம்பா" தோணுச்சு. உதடு சரியா ஒட்டுது, உரிமையும் இருக்கு. "சார் சார்னு எத்தன நாளைக்கு, ஒரு தடவ ஏம்பான்னு கூப்பிடேன்"னு எழுதுனேன், டப்பிங் பேசுன பொண்ணு கொஞ்சம் தயங்கி சொன்னதும் சீன் வந்துருச்சு.

ஏர்போர்ட்ல தூரத்து ஷாட், உதடு தெரியாது, அதனால அங்க சொல்லையே எடுத்துட்டேன். "ஏய், வந்துட்டியா நீ!"ன்னு மட்டும். நம்ம பொண்ணுங்க நீன்னு கூடப்பொறந்தவனையும் சொல்லுவாங்க, காதலனையும் சொல்லுவாங்க. ஹீரோவுக்கு அவகிட்ட இருந்து அதுவரைக்கும் நீங்கதான் கிடைச்சிருக்கு, ஏம்பான்னு கூப்பிட்டும் நீங்கதான், ஆக இந்த நீ அவன நல்லா குத்தும். அண்ணன்ங்கிற சொல்ல மூணாவது சீன் வரைக்கும் எங்கயும் வராம காப்பாத்துனேன். ஒண்ணு மட்டும் போயிடுச்சு, ஏம்பாவுல வயசு இல்ல, அவன் மூத்தவன்ங்கிறது அந்த சொல்லோட வரல, அத இன்னொரு வசனத்துல தனியா சொல்ல வேண்டியதாச்சு.

இதே நீ, நீங்கதான் இன்னொரு பெரிய ஓட்டை. கொரியன்ல மரியாதை விகுதிய விட்டு பேசுறதுக்கு "பன்மால்"னு பேரே உண்டு, முதல் நாளே ஒருத்தன் அப்படி பேசுனா அடுத்தவன் வயச கேட்டு சண்டைக்கு வருவான். இங்கிலீஷ் டெம்ப்ளேட்ல "ரூடா பேசாத"ன்னு மட்டும் இருக்கும். தமிழ்ல "என்ன, நீ வா போன்னு பேசுற?"ன்னு எழுதிட்டா சண்டையும் சிரிப்பும் தானா வந்துரும். நம்ம நாஞ்சில் நாட்டுல நடுவுல ஒரு "நீரு"ம் "ஓய்"யும் வேற இருக்கு, ஆபீஸ் சீனுக்கெல்லாம் எனக்கு கை துறுதுறுங்கும், ஆனா தமிழ்நாடு முழுக்க போற டப்பிங்ல அத விட மாட்டாங்க.

பாக்குறவங்க எப்படி கண்டுபிடிக்கதுன்னா, சிரிப்பு வராத இடத்துல ஆள் சிரிச்சா, கோவப்பட ஒண்ணுமில்லாத வரிக்கு முறைச்சா, அங்க எதோ கொட்டிப் போயிருக்குன்னு அர்த்தம். ரிமோட்ட எடுத்து பத்து செகண்ட் பின்னால போய் ஆடியோவ கொரியனுக்கு மாத்துங்க. ஓப்பா, ஹியங், நூனா, உன்னி நாலும் காதுக்கு சட்டுனு தட்டுப்படும். இன்னொண்ணு, தமிழ் டப்பிங்கையும் தமிழ் சப்டைட்டிலையும் சேத்து போட்டா வார்த்தை ஒத்துப்போகலேன்னு நிறைய பேரு கேக்காங்க. அது பெரும்பாலும் வேற வேற ஆள் எழுதுனது, டப்பிங் உதட்டுக்கு அடங்கணும், சப்டைட்டில் ரெண்டு வரிக்குள்ள படிச்சு முடிக்கிற நேரத்துக்கு அடங்கணும். இங்கிலீஷ் சப்டைட்டில்ல பாக்குறவங்க CC-ன்னு போட்டிருக்க சப்டைட்டில எடுக்காதீங்க, அது பல சீரியல்ல இங்கிலீஷ் டப்பிங் வசனத்த அப்படியே எழுதுனது, வெறும் English-னு இருக்கதுதான் மூலத்துக்கு கிட்ட இருக்கும்.

சித்திக்கு அன்னைக்கே ஆடியோவ மாத்தி, கீழ தமிழ் எழுத்து வர்ற மாதிரி வச்சு குடுத்துட்டு வந்தேன். போன ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டாங்க, "நேத்து அவ அவன ஓப்பான்னு விளிக்கல கேட்டியா, பேரச் சொல்லித்தான் விளிச்சா, பிணக்கமா?" ஆமா சித்தி, பிணக்கம்தான்.