229 எடுத்தும் ஜெயிக்காத ஆட்டம்: மழை இலக்கின் கணக்கு

2003 மார்ச் 3, டர்பன் நகரின் கிங்ஸ்மீட் மைதானம். உலகக் கோப்பையை நடத்தும் தென்னாப்பிரிக்கா, இலங்கையை ஜெயித்தே ஆகவேண்டிய நிலையில் இருந்தது. முதலில் ஆடிய இலங்கை 50 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 268 எடுத்திருந்தது. துரத்தும்போது மழை பிடித்துக்கொண்டது. 45-வது ஓவரை முரளிதரன் வீசினார். ஐந்தாவது பந்தை மார்க் பவுச்சர் சிக்ஸருக்கு அடித்தார். ஸ்கோர் 6 விக்கெட்டுக்கு 229. கடைசிப் பந்தை அவர் பத்திரமாகத் தடுத்து ஆடினார், ரன் எடுக்கவில்லை. அத்தோடு மழை ஆட்டத்தை முடித்துவிட்டது.

ஓய்வறையிலிருந்து அவருக்குப் போயிருந்த தகவல் 229 வேண்டும் என்பதுதான். ஆனால் 229 என்பது ஜெயிக்கத் தேவையான எண் அல்ல, சமன் செய்யும் எண். ஜெயிக்க 230 வேண்டும். ஆட்டம் டை ஆனது, சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து தென்னாப்பிரிக்கா முதல் சுற்றோடு வெளியேறியது.

அந்த 229 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மழை இலக்கின் கணக்கு முழுவதும் பிடிபட்டுவிடும். அதற்கு முன் இன்னொரு ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அதிலும் பாதிக்கப்பட்டது தென்னாப்பிரிக்காதான்.

1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி. இங்கிலாந்துக்கு எதிராக 13 பந்தில் 22 ரன் வேண்டியிருந்தபோது மழை வந்தது. மொத்தம் 12 நிமிடம்தான் பெய்தது, இரண்டு ஓவர்கள் போயின. அப்போதைய விதிப்படி, முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ரன் எடுத்த இரண்டு ஓவர்களைத் தேடிப்பிடித்து, அவற்றின் ரன்களை மட்டும் இலக்கிலிருந்து கழிப்பார்கள். இங்கிலாந்தின் அந்த இரண்டு ஓவர்களில் வந்தது ஒரே ஒரு ரன். ஆக, 12 பந்துகளைப் பறித்துக்கொண்டு ஒரு ரன்னைத்தான் குறைத்தார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு பந்து, தேவை 21 ரன். மைதானப் பலகை 22 என்று தவறாகவே காட்டிக்கொண்டிருந்தது.

இதற்கும் முந்தைய முறை இன்னும் எளிது. ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன் என்று பார்த்து, துரத்தும் அணிக்குக் கிடைக்கும் மொத்த ஓவர்களால் பெருக்கிவிடுவார்கள். இரண்டு முறைகளுமே துரத்தும் அணி எத்தனை விக்கெட்டை இழந்திருக்கிறது என்று கேட்கவே இல்லை. ஒரு விக்கெட்டும் போகாத அணியும், எட்டு விக்கெட் போன அணியும் இவற்றின் பார்வையில் ஒன்றுதான்.

இங்கிலாந்தின் புள்ளியியலாளர்கள் ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் இருவரும் கை வைத்தது இந்த இடத்தில்தான். ஒரு அணிக்கு ரன் சேர்க்க இரண்டு முதல்கள் உண்டு: மிச்சமிருக்கும் ஓவர், கையில் இருக்கும் விக்கெட். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அதை வளம் என்றார்கள். 50 ஓவரும் 10 விக்கெட்டும் இருந்தால் வளம் 100 சதவீதம். பழைய ஒருநாள் ஆட்டங்களின் ஸ்கோர்களை ஆராய்ந்து, எந்த நிலையில் எத்தனை சதவீத வளம் மிச்சம் என்று ஓர் அட்டவணை போட்டார்கள். 1997 ஜனவரி 1 அன்று ஜிம்பாப்வே–இங்கிலாந்து ஆட்டத்தில் முதன்முறையாக இது சர்வதேசக் களத்துக்கு வந்தது.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்து விக்கெட்டும் கையில் இருக்க, 40 ஓவர் மிச்சமென்றால் வளம் 89.3. அதாவது முதல் பத்து ஓவர் ஆடி முடித்ததில் செலவானது 10.7 மட்டுமே. அதே பத்து விக்கெட்டோடு கடைசி பத்து ஓவர் மிச்சமென்றால் அதன் மதிப்பு 32.1. ஒரே பத்து ஓவர்தான், கடைசியில் வரும்போது மூன்று மடங்கு மதிப்பு. விக்கெட் கையில் இருந்தால் கடைசி ஓவர்களில் வெளுத்து வாங்கலாம் என்று நாம் சொல்வது இங்கே எண்ணாகவே இருக்கிறது.

இப்போது மறுபக்கம். கையில் இரண்டே விக்கெட் என்றால், 50 ஓவர் மிச்சமிருந்தாலும் வளம் 11.9. 20 ஓவர் மிச்சமிருந்தாலும் அதே 11.9. கடைசி ஆட்டக்காரர்கள் அத்தனை நேரம் நிற்கப் போவதில்லை என்பதால், கூடுதல் ஓவர்களால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. எனக்கு இந்த அட்டவணையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, டர்பனுக்குத் திரும்புவோம். ஆட்டம் நின்றபோது தென்னாப்பிரிக்காவுக்கு 5 ஓவர் மிச்சம், 4 விக்கெட் கையில். அட்டவணையில் அதற்கான வளம் 14.3. இந்த 14.3 மழையில் போய்விட்டது. எனவே அவர்கள் பயன்படுத்திய வளம் 85.7. இலங்கை தன் 100 சதவீதத்தில் எடுத்தது 268. அதில் 85.7 சதவீதம் 229.676. பின்னத்தை விட்டுவிட்டால் 229. அதுதான் சமன் செய்யும் ஸ்கோர், கிரிக்கெட் வழக்கில் பார் ஸ்கோர். அதற்கு மேல் ஒரு ரன் எடுத்தால் வெற்றி.

பவுச்சர் கடைசிப் பந்தைத் தடுத்ததற்கும் இந்தக் கணக்கில் காரணம் இருக்கிறது. அந்தப் பந்தில் ஒரு விக்கெட் விழுந்திருந்தால் கையில் மூன்றுதான். மிச்ச வளம் குறையும், பயன்படுத்திய வளம் கூடும், பார் 229-ஐத் தாண்டும், தென்னாப்பிரிக்கா தோற்றிருக்கும். எட்டு விக்கெட் போயிருந்தால் மிச்ச வளம் 9.4 மட்டும், பார் 242-க்கு ஏறியிருக்கும். நான்கு விக்கெட்தான் போயிருந்தால் 224 எடுத்தாலே சமன். ஆக, 229 போதும் என்று நம்பியவர் விக்கெட்டைக் காப்பாற்ற நினைத்தது சரிதான். தவறு அவருக்குச் சொல்லப்பட்ட எண்ணில் இருந்தது.

டர்பனில் ஆட்டம் அப்படியே முடிந்துவிட்டது. மழை நின்று ஆட்டம் தொடர்ந்தால் என்ன செய்வார்கள்? நிற்கும்போது இருந்த வளத்திலிருந்து, மீண்டும் தொடங்கும்போது இருக்கும் வளத்தைக் கழிப்பார்கள். வித்தியாசம்தான் மழை பறித்தது. ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். முதல் அணி 50 ஓவரில் 250. துரத்தும் அணி 30 ஓவர் ஆடி இரண்டு விக்கெட் இழந்திருக்கிறது. மழையால் பத்து ஓவர் போகிறது, 20 மிச்சமிருந்த இடத்தில் இனி 10 மட்டும். எட்டு விக்கெட் கையில் இருக்கும்போது 20 ஓவரின் வளம் 52.4, 10 ஓவரின் வளம் 30.8. பறிபோனது 21.6. மொத்தத்தில் அவர்களுக்குக் கிடைப்பது 78.4 சதவீதம், 250-இல் அது 196. எனவே இலக்கு 197.

அதே ஆட்டம், அதே மழை. ஆனால் துரத்தும் அணி ஆறு விக்கெட் இழந்திருக்கிறது என்று வைப்போம். நான்கு விக்கெட் கையில் இருக்க, 20 ஓவரின் வளம் 30.8, 10 ஓவரின் வளம் 22.8. பறிபோனது 8 மட்டுமே. இலக்கு 231. முதல் அணிக்கு 34 ரன் சலுகை கூடுதல். ஏனென்றால் எட்டு விக்கெட் வைத்திருந்தவர்கள் அந்தப் பத்து ஓவரில் நிறைய அடித்திருப்பார்கள், நான்கு விக்கெட்காரர்கள் அந்தளவு அடித்திருக்க மாட்டார்கள். பழைய சராசரி முறையோ இரண்டு அணிகளுக்கும் 201 என்றுதான் சொல்லியிருக்கும்.

இன்னொரு விஷயம் டிவியில் பார்ப்பவர்களை அடிக்கடி குழப்புகிறது. எடுத்த ரன்னைவிட இலக்கு எப்படி அதிகமாகும்? 2008 நவம்பரில் பெங்களூருவில் இந்தியா 22 ஓவரில் 166 எடுத்தது, இங்கிலாந்துக்கு அதே 22 ஓவரில் 198 இலக்கு கொடுத்தார்கள். இந்தியா தன் இன்னிங்ஸைத் தொடங்கும்போது ஓவர்கள் இவ்வளவு சுருங்கும் என்று தெரியாது. விக்கெட்டைக் காத்து ஆடிக்கொண்டிருந்த நடுவில் இரண்டு முறை மழை வந்து ஓவர்களைக் குறைத்தது. இங்கிலாந்துக்கோ முதல் பந்திலிருந்தே 22 ஓவர்தான் என்று தெரியும், பத்து விக்கெட்டையும் அதற்குள் செலவழிக்கலாம். அதனால் அவர்களுடைய வளம் அதிகம், அந்த உபரிக்கு ஈடாக ரன் கூட்டப்படுகிறது. இங்கிலாந்து 178 எடுத்தது, இந்தியா 19 ரன்னில் ஜெயித்தது.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் இருந்தது. ஸ்கோர் மிகப் பெரிதானால் அட்டவணை தடுமாறும். இலக்குத் துரத்தலில் எதிரணி 360 எடுத்திருக்கிறது என்று வைப்போம். 20 ஓவர் முடிவில் விக்கெட் ஏதும் போகவில்லை என்றால் மிச்ச வளம் 75.1, செலவானது 24.9. பார் வெறும் 89. அதாவது விக்கெட் இழக்காமல் 90 எடுத்து மழையில் ஆட்டம் நின்றால் வெற்றி. ஆனால் மழை வராவிட்டால் அதே அணி மீதி 30 ஓவரில் ஓவருக்கு ஒன்பது வீதம் அடிக்க வேண்டியிருக்கும். யாரும் அதைச் சரிசமமான நிலை என்று சொல்ல மாட்டார்கள். 360 எடுக்க நினைக்கும் அணி தொடக்கத்திலிருந்தே வேகமாக ஆடித்தான் ஆகவேண்டும்.

டர்பன் ஆட்டம் நடந்த அதே 2003-இன் பிற்பகுதியில் வந்த கணினிப் பதிப்பு இதைச் சரிசெய்தது. முதல் அணியின் ஸ்கோர் பெரிதாக ஆக, வளம் ஓவர்களுக்கு இன்னும் சமமாகப் பங்கிடப்படும். விலை என்னவென்றால், கையில் ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும் வசதி போய்விட்டது. பின்னர் பொறுப்பேற்ற ஸ்டீவன் ஸ்டெர்ன், டி20 காலத்து அதிரடிக்கு ஏற்றபடி திருத்தினார். இந்த முறையின் இன்றைய பெயரான டி.எல்.எஸ். என்பதில் கடைசி எழுத்து அவர்தான். நம் ஊர் டிஎன்பிஎல் ஆட்டங்களில் மழை வந்தால் வேறொரு கணக்கு வரும். அது கேரளத்தைச் சேர்ந்த பொறியாளர் ஜெயதேவன் உருவாக்கிய விஜேடி முறை.

டி.எல்.எஸ். முறையின் எந்தப் பதிப்பானாலும் வளக் கணக்கின் அடிப்படை ஓவரும் விக்கெட்டும்தான். பவர்பிளே எவ்வளவு மிச்சம், ஈரப் பந்தைப் பிடிக்கப் பந்துவீச்சாளர் எவ்வளவு திணறுகிறார், இனி வரப்போவது யார் என்பதெல்லாம் அதற்குள் வராது. மழைக்கு முன் விழுந்த விக்கெட் ஒரு நட்சத்திர ஆட்டக்காரருடையதா பத்தாவது ஆளுடையதா என்றும் அது பார்ப்பதில்லை. அடுத்த முறை துரத்தலின்போது வானம் இருட்டினால், திரையில் ரன் விகிதத்தைப் பார்க்காமல் பார் ஸ்கோரை மட்டும் கவனியுங்கள். ஒரு விக்கெட் விழுந்த உடனே, ஒரு ரன்கூட மாறாமல், அது சட்டென்று மேலே ஏறும்.