ஆன்லைனில் நகை: ஓடிபி சொல்வதற்கு முன், டேக்கை அறுப்பதற்கு முன்

ஆன்லைனில் நகை வாங்கிவிட்டு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் போலித் தங்கத்தால் ஏமாந்தவர்கள் இல்லை. வந்த நகை சரியில்லை என்று தெரிந்தும் அதைத் திருப்பி அனுப்ப வழி இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள். கோயம்புத்தூர்க்காரருக்கு வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும் வேலை, கோத்தகிரிக்கு மேலேயோ கூடலூருக்கு உள்ளேயோ இருப்பவருக்கு இழுத்தடிப்பாகிவிடுகிறது. அதனால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சிக்கல் எங்கே வருகிறது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான தங்க நகையில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும். மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோண முத்திரை, 22K916 போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி எண். ஒவ்வொரு நகைக்கும் தனி எண். சட்டம் இவ்வளவுதான். ஓட்டைகள் இனிமேல்தான்.

முதல் ஓட்டை எடை. இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆன்லைனில் அதிகம் விற்பதே மூக்குத்தி, குட்டிக் கம்மல், மெல்லிய மோதிரம்தான். பக்கத்தின் தலைப்பில் ‘ஹால்மார்க் நகைகள்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் வாங்கும் 1.4 கிராம் கம்மலுக்கு அந்தத் தலைப்பு பொருந்துமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆர்டர் போடும் முன் ‘இந்த நகையில் ஹெச்யூஐடி இருக்கிறதா’ என்று எழுத்தில் கேளுங்கள். போனில் வாங்கிய பதிலை நாளைக்கு யாரிடமும் காட்ட முடியாது.

இரண்டாவது வெள்ளி. வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் கடைக்காரர் விருப்பம்தான். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஹெச்யூஐடி வந்திருக்கிறது, ஆனால் ஹால்மார்க் போடுகிறவருக்குத்தான் அது பொருந்தும். கொலுசின் கொக்கியில் வெறும் 925 என்று அடித்திருந்தால் அது கடைக்காரர் தானே அடித்துக்கொண்ட எண், அவ்வளவுதான். பக்கத்தில் பிஐஎஸ் முத்திரையும் ஹெச்யூஐடியும் இருந்தால் மட்டும் ஹால்மார்க் வெள்ளி என்று சொல்லலாம்.

சரி, இப்போது கோத்தகிரி பக்கத்து அக்கா ஒருவரின் கதைக்கு வருகிறேன். பச்சைத் தேயிலைப் பணத்தைச் சேர்த்து, மகளுக்கு ஒரு பவுன், அதாவது 8 கிராம் 22 காரட் செயின் ஆர்டர் போட்டார். பக்கத்தில் ‘முழுக் காப்பீட்டுடன் டெலிவரி’, ‘7 நாளில் இலவச ரிட்டர்ன்’ இரண்டும் இருந்தன. பார்சல் வந்த அன்று கூரியர் தம்பி பஜாரிலிருந்து போன் செய்தார்: “அக்கா, உங்க ஊருக்கு வண்டி வராது. ஓடிபி சொல்லுங்க, பேக்கரியில குடுத்துட்டுப் போறேன்.” மழை, பேருந்தும் இல்லை. அக்கா சொல்லிவிட்டார்.

காப்பீடு என்பது பொதுவாகக் கடையிலிருந்து உங்கள் கைக்கு வரும்வரைதான். கைக்கு வந்தது என்பதற்குக் கடையிடம் இருக்கும் சாட்சி அந்த ஓடிபி. எண்ணைச் சொன்ன நொடியில் பார்சல் உங்களிடம் வந்து சேர்ந்ததாகப் பதிவாகிவிடுகிறது. அதன்பிறகு பேக்கரியில் எவ்வளவு நேரம் கிடந்தது, உறையை யார் தொட்டார்கள் என்பதெல்லாம் உங்கள் பாடு. மலையில் கூரியர்காரர் பஜாருக்கு வரச் சொல்வது சகஜம். தவறில்லை, போய் வாங்கிக்கொள்ளலாம். பார்சல் கையில் வந்து, உறையின் சீல் கிழியாமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஓடிபி. சீல் பிரிந்திருந்தாலோ, மேலே மறு டேப் ஒட்டியிருந்தாலோ வாங்காமல் திருப்பி விடுங்கள். அந்த நிமிடம் திருப்பினால் கடைக்கும் கூரியருக்கும் இடையிலான கணக்கு அது. வாங்கிவிட்டால் உங்களுக்கும் கடைக்கும் இடையிலான வழக்கு.

அக்காவின் பார்சல் நல்லவேளையாகப் பிரிக்கப்படவில்லை. சாயங்காலம் வீட்டில் வைத்துத் திறந்தார். பெண் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து, ஆறு இலக்கத்தை BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் போட்டாள். செயலியில் வந்த விவரம்: மோதிரம், 18 காரட். கையில் இருப்பதோ செயின், பில்லில் 22 காரட்.

இந்தச் சோதனையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் பலருக்குக் குழப்பம். செயலியில் வரும் நகைக்கடையின் பெயர் நீங்கள் வாங்கிய கடையின் பெயராக இல்லாமல் போகலாம். ஹால்மார்க் வாங்கியவர் மொத்த வியாபாரியாக இருந்தால் அவர் பெயர்தான் வரும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். நகை வகையும் தூய்மையும்தான் முக்கியம். எழுத்து மாறி வாசித்தாலும் வேறு நகை வரும், குறிப்பாக 8-ம் B-யும். அதனால் நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து இன்னொரு முறை படியுங்கள். அப்புறமும் வகை பொருந்தவில்லை என்றால் திரையைப் படம் பிடித்து வையுங்கள். இவ்வளவும் டேக்கை அறுக்கும் முன் நடக்க வேண்டும். டேக் அறுந்த நகையைக் கடைகள் ‘அணிந்த நகை’ என்று தள்ளிவிடும். பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்கச் சொல்வது சட்டமில்லை, கடைக்காரர்கள் போடும் நிபந்தனை. இருந்தாலும் எடுத்துவிடுங்கள், நாளைக்கு வாதாடுவதைவிட அது சுலபம்.

ஹால்மார்க் தூய்மைக்குத்தான் பொறுப்பு, எடைக்கு அல்ல. கல் வைத்த நகையில் மொத்த எடைக்கும் தங்கத்தின் நிகர எடைக்கும் வித்தியாசம் வரும். பில்லில் நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே தொகையாகப் போட்ட பில் வந்தால் அன்றைக்கே பிரித்துக் கேளுங்கள்.

அக்கா ரிட்டர்ன் பட்டனை அழுத்தினார். காரணம் கேட்டதும் பட்டியலில் முதலில் இருந்த ‘பிடிக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். நான் பார்த்த வழக்குகள் அதிகம் கெட்டது இந்த ஒரு கிளிக்கில்தான். பிடிக்காமல் திருப்பினால் கடை போட்ட நிபந்தனைதான் செல்லும். கூலி, சேதாரம், அனுப்பும் செலவு எல்லாவற்றையும் கழிக்கலாம் என்று எழுதியிருந்தால் கழிப்பார்கள். ஆனால் நகை விளம்பரத்தில் சொன்னபடி இல்லை, குறைபாடு உள்ளது, போலி, அல்லது சொன்ன தேதிக்குப் பின் வந்தது என்றால், 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. ‘நோ ரிட்டர்ன்’ என்று பக்கத்தில் போட்டிருந்தாலும் இதைச் சொல்லித் தப்ப முடியாது. எனவே காரணம் ‘விவரத்தோடு பொருந்தவில்லை’ என்பதாக இருக்கட்டும். பட்டியலில் அப்படி ஒன்று இல்லை என்றால் மின்னஞ்சலில் எழுதுங்கள்.

அடுத்த பதில்: ‘உங்கள் பின்கோடில் பிக்கப் வசதி இல்லை, நீங்களே காப்பீட்டுடன் அனுப்புங்கள்.’ கொண்டு வந்து கொடுக்க வழி இருந்ததாம், எடுத்துப் போக வழி இல்லையாம். பஜாரில் கூரியர் கவுண்டரில் தங்கம் என்று சொன்னால் எடுக்க மாட்டார்கள். சொல்லாமல் ‘பொருள்’ என்று எழுதி அனுப்பினால், தொலைந்துபோகும்போது கைக்கு வரும் நஷ்டஈடு சாப்பாட்டுக் காசுக்குத்தான் தேறும். இரண்டையும் செய்யாதீர்கள். ‘விவரத்தோடு பொருந்தாத நகையை நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நகை, டேக், உறை, பில் எல்லாம் தயாராக இருக்கிறது. எந்தத் தேதியில் ஆள் வருவார்?’ என்று 7 நாளுக்குள் எழுதுங்கள். கெடுவுக்குள் கேட்டீர்கள் என்பதற்கு அந்த மின்னஞ்சல்தான் ஆதாரம். கடையின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

இதையெல்லாம் முன்கூட்டியே தவிர்க்க ஒரு வழி உண்டு. ஆர்டர் போடும் முன் உங்கள் பின்கோடுக்கு டெலிவரி இருக்கிறதா என்று பார்த்து நின்றுவிடாமல், ரிட்டர்ன் பிக்கப் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 643001-க்கு உண்டு என்பதால் 643217-க்கும் உண்டு என்று இல்லை. இல்லை என்றால் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருக்கும் சொந்தக்காரர் முகவரிக்கு வரவழைப்பது நல்லது. கொடைக்கானல்காரர்களுக்கு அது வத்தலக்குண்டாகவோ திண்டுக்கல்லாகவோ இருக்கலாம். அளவெடுத்தோ பெயர் பொறித்தோ செய்யும் நகையை மட்டும் இப்படி வாங்காதீர்கள், அளவு சேரவில்லை என்று திருப்பினால் எடுக்க மாட்டார்கள்.

கடை அசையவில்லை என்றால் யாரிடம் போவது? தாலுகா அலுவலகத்தில் கேட்டால் காவல் நிலையம் என்பார்கள், அங்கே ‘இது சிவில் விஷயம்’ என்பார்கள். அலைய வேண்டாம். தூய்மை பற்றிய புகார் பிஐஎஸ்ஸுக்கு, BIS Care செயலியிலேயே போடலாம். எடைக் குறைவு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கு. பணம் வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பேசலாம், ஆனால் அவர்கள் கடைக்குச் சொல்லிப் பார்ப்பார்களே தவிர உத்தரவு போட முடியாது.

தூய்மை குறைந்தது உறுதியானால் எவ்வளவு கிடைக்கும்? அக்காவின் செயின் உண்மையிலேயே 18 காரட், அதாவது 750 என்று வைத்துக்கொள்வோம். 22 காரட்டின் 916-ஐவிட ஆயிரத்துக்கு 166 குறைவு, 8 கிராமுக்கு 1.328 கிராம் சுத்தத் தங்கம். கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 13,280 ரூபாய். பிஐஎஸ் விதி இந்த வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் தரச் சொல்கிறது. ஆக 26,560 ரூபாயும் கட்டணமும். சோதனைக்கு பிஐஎஸ் அங்கீகரித்த மையம் வேண்டும், கோவையில் இருக்கின்றன. நான்கு நகை வரை 200 ரூபாய். ரிட்டர்ன் முடியும்வரை நகையைச் சுரண்டாமல் எக்ஸ்ரே இயந்திரத்தில் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சுரண்டிவிட்டால் கடைக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

அக்காவின் சார்பில் கடைக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் போன பிறகு, ‘பிக்கப் இல்லாத’ அதே பின்கோடுக்கு நகை எடுக்க ஆள் வந்தார். அவரிடம் எடையும் ஹெச்யூஐடியும் எழுதிய ரசீது வாங்கிய பிறகே நகையைக் கொடுத்தார்கள்.

அதற்கும் மசியாத கடை என்றால் ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடைக்கானல் என்றால் திண்டுக்கல். கடை மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், 1915-க்குக் காத்திருந்த காலமும் இதில்தான் கழியும். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் விளம்பரத்தில் வரும் பிராண்டு பெயரை எழுதாதீர்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நிறுவனப் பெயரை எழுதுங்கள். வேறொரு தளத்தின் வழியாக வாங்கியிருந்தால் அந்தத் தளத்தையும் இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.