எதைச் சொன்னாலும் "எனக்கும் அப்படித்தாங்க"

குன்னூரில் நான் உளவியல் ஆலோசனை அளிக்கும் அறைக்கு, திருமணத் தகவல் செயலியில் அறிமுகமான திருப்பூர்க்காரர் ஒருவருடன் ஆறு வாரங்களாக உரையாடிவந்த ஆசிரியை ஒருவர் வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "ஒரு தடவைகூடக் கருத்து வேறுபாடு வரவில்லை மேடம், அதுதான் உறுத்துகிறது" என்றார்.

அவர் அனுமதியுடன் உரையாடலைச் சேர்ந்து படித்தோம். முதல் வாரத்தில், "இந்தக் குளிரை விட்டு என்னால் எங்கேயும் போக முடியாது" என்று இவர் எழுத, "எனக்கும் குளிர்தாங்க பிடிக்கும்" என்று பதில் வந்திருந்தது. ஐப்பசி மழையில் நான்கு நாள்களாகத் துணி காயாத எரிச்சலில், "பேசாமல் கீழே வந்துவிடலாம் போலிருக்கிறது" என்று எழுதியதற்கும் "ஆமாங்க, அதுதான் வசதி" என்றே வந்திருந்தது. இரண்டு பதிலும் உண்மையாக இருக்க முடியாது.

மோசடிக்காரரோ என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அவர் பணம் கேட்டதில்லை, வீடியோ அழைப்பைத் தவிர்த்ததில்லை, குடும்பத்தார் பேசியிருந்தார்கள். மீண்டும் படித்தபோது, இவரது கேள்விகளின் அமைப்பே கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் தன் விருப்பத்தை முதலில் சொல்லிவிட்டு, "உங்களுக்கு?" என்று கேட்டிருந்தார். மறுப்புக்கு அஞ்சும் ஒருவருக்கு அது கேள்வியன்று, விடையைக் கையில் கொடுத்துவிட்ட தேர்வு.

ஆகவே, தன் கருத்தைச் சொல்லாமல், 'ஆம்' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாத கேள்வியாகக் கேட்கச் சொன்னேன். "குன்னூரில் ஒரு மாதம் தங்கினால் உங்களுக்கு எது சிரமமாக இருக்கும்?" என்று எழுதி, வேறு எதுவும் சேர்க்காமல் காத்திருந்தார். "உங்களுக்கு எப்படியோ அப்படியேங்க" என்று வந்தது. "நான் சொல்லப்போவதில்லை, உங்களுடையது தெரிய வேண்டும், வேறாக இருந்தாலும் வருத்தமில்லை" என்று இவர் எழுதிய பிறகு, இரண்டு மணி நேரம் கழித்து நீண்ட பதில் வந்தது. அவருக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு, குளிரில் மூச்சு இழுக்கும். முன்பு இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போனதால், நிச்சயம் ஆகும்வரை எதையும் மறுத்துப் பேசாதே என்று அக்கா சொல்லியிருந்தாராம். அதாவது, குன்னூரில்தான் வாழ்க்கை என்று இவர் போட்டுவைத்திருந்த கணக்கு, ஆறு வாரங்களாக அவரது தயக்கத்தின் மேல் நின்றிருக்கிறது.

எல்லாருக்கும் இப்படிப் பதில் வந்துவிடாது. பிடிவாதமாகக் கேட்ட பிறகும், நம் சொற்களே சற்று மாறித் திரும்பி வருகின்றன, நேரில் வரத் தேதி தள்ளிக்கொண்டே போகிறது, நடுவே முதலீடு, அவசரச் செலவு என்ற பேச்சும் நுழைகிறது என்றால், அது கூச்சமன்று. அங்கே கேள்வியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ஆசிரியையும் அவரும் இப்போது எந்த ஊரில் வசிப்பது என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். முடிவு இன்னும் ஆகவில்லை.